ஒரு கண்டாங்கிச் சேலையை இணையச் சந்தையில் ஏற்றுவது எப்படி: அளவு, படம், விவரணை, தேடல் சொல்

நான் முதன்முதலில் இணையத்தில் ஏற்றிய கடுகு மஞ்சள் கண்டாங்கிச் சேலை மூன்று முறை விற்றது. மூன்று முறையும் திரும்பி வந்தது. முதலில் வாங்கியவர், படத்தில் இருந்த மஞ்சள் வேறு, கையில் வந்த மஞ்சள் வேறு என்றார். இரண்டாமவர், துணி மென்மையாக இல்லை, முரடாக இருக்கிறது என்று எழுதினார். மூன்றாமவர் பட்டுப் பருத்திச் சேலை என்று நினைத்து வாங்கியிருந்தார். மூன்று பேர் மீதும் எனக்கு வருத்தம் இல்லை. குழல் விளக்கின் கீழ் படம் எடுத்தது நான். “மிக மென்மையான துணி” என்று எழுதியதும் நான்தான். நிறையப் பேர் தேடுகிறார்களே என்று, பருத்திச் சேலைக்கு silk என்ற தேடல் சொல்லைச் சேர்த்ததும் நான்தான்.

அந்தச் சேலையின் பக்கத்தை அதன்பின் அடியோடு மாற்றி எழுதினேன். செய்ததை அதே வரிசையில் இங்கே தருகிறேன். காரைக்குடியில் நெய்த, கடுகு மஞ்சள் உடலில் கட்டம் போட்டு அரக்குக் கோபுரக் கரை வைத்த ஒரே ஒரு பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் இருப்பது நெகமமாகவோ காஞ்சிபுரமாகவோ இருந்தாலும் இதே வரிசை பொருந்தும். சொற்களும் அளவுகளும் மாறும்.

முதலில் சேலையை அளந்து எழுதுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன் சேலையை மேசையில் விரியுங்கள். ஓர் அளவு நாடா, சமையலறைத் தராசு, இழை எண்ணும் கண்ணாடி, ஒரு நோட்டு ஆகியவை போதும். கண்ணாடி இல்லையென்றால் கைப்பேசியில் நெருக்கப் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணலாம்.

நீளத்தை இரண்டு பகுதியாக அளக்க வேண்டும். சேலையின் உடலும் முந்தியும் சேர்ந்து ஓர் அளவு, ரவிக்கைத் துணி தனி அளவு. என் சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி 80 சென்டிமீட்டர், ஆக மொத்தம் 6.3 மீட்டர். வெறுமனே 6.3 மீட்டர் என்று எழுதினால், ரவிக்கைத் துணி அதற்குள் அடங்குமா, தனியாக வருமா என்று வாங்குபவருக்குத் தெரியாது. இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வந்தது. அகலத்தை மூன்று இடங்களில் அளந்து, குறைந்த அளவை எழுதுங்கள். கைத்தறியில் ஓரம் அரை அங்குலம் கூடக் குறைய ஓடும். என் சேலையில் குறைந்தது 47 அங்குலம் இருந்தது. உயரமான பெண்கள் அகலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது எடை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் சேலை 490 கிராம். 6.3 மீட்டர் நீளத்தை 1.19 மீட்டர் அகலத்தால் பெருக்கினால் 7.5 சதுர மீட்டர், 490-ஐ 7.5-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிராம். வாங்குபவர் பலருக்கு இந்தக் கடைசி எண் புரியாது, ஆனால் 490 கிராம் என்றால் புரியும். அவர்கள் தங்கள் வீட்டுச் சேலை ஒன்றை நிறுத்துப் பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள். தொட்டுப் பார்க்க முடியாதவருக்குத் தொடு உணர்வுக்கு மிக அருகில் வரும் எண் எடைதான்.

நெய்தவரிடம் கேட்க வேண்டியவை சில. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எத்தனையாம் நம்பர், குறுக்கே ஓடும் ஊடை நூல் எத்தனை? சாயம் எங்கே ஏற்றியது? இந்தப் பாவில் மொத்தம் எத்தனை சேலை இறங்கியது, எல்லாவற்றுக்கும் ஒரே ஊடைதானா? கடைசிக் கேள்வி முக்கியம். ஒரே பாவில் பல சேலைகள் இறங்கும். பாவின் நிறம் ஒன்றாகவே இருந்தாலும், நடுவில் ஊடைக்கு வேறு முறை சாயம் ஏற்றிய நூல் வந்துவிட்டால் நான்காவது சேலை முதல் சேலையின் நிறத்தில் இருக்காது. அப்போது ஒரு படத்தை வைத்து எல்லாவற்றையும் விற்க முடியாது.

நூல் நம்பரைப் பற்றி ஒரு சொல். நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 100, 120 என்று பார்த்துப் பழகியவர்கள் 60-ஐக் கண்டதும் தரம் குறைவு என்று நினைக்கிறார்கள். கண்டாங்கிக்குச் சற்றுத் தடித்த நூல்தான் இயல்பு. அதன் நிற்கும் தன்மையும் உழைப்பும் அங்கிருந்துதான் வருகின்றன. இதை விவரணையில் ஒரே வரியில் சொல்லிவிட வேண்டும், மறைக்கக் கூடாது.

படம்: ஒரு சேலைக்கு எட்டு

படம் எடுக்கத் தொடங்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் சேலையின் குறியீட்டு எண்ணை எழுதுங்கள். என்னுடையது KD-07. ஒவ்வொரு சேலைக்கும் முதலில் அந்தச் சீட்டைப் படம் எடுத்துவிட்டு, பிறகு சேலையை எடுக்க வேண்டும். பத்துச் சேலைகளை ஒரே நாளில் எடுத்துவிட்டு, எந்த முந்தி எந்தச் சேலைக்கு என்று குழம்பி ஒரு மாலை முழுவதையும் தொலைத்த பிறகு வந்த பழக்கம் இது. அதே சீட்டைச் சேலையின் மடிப்புக்குள்ளும் வையுங்கள். பொதி கட்டும்போது மாறிப் போகாது.

ஒளிதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், காலை எட்டரை முதல் பத்தரை வரை. அறை விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் ஒளியும் குழல் விளக்கும் கலந்தால் சேலையின் ஒரு பக்கம் சரியான நிறத்திலும் மறுபக்கம் பச்சை படிந்தும் தெரியும். அதை எந்தத் திருத்தமும் முழுதாகச் சரி செய்யாது. கடுகு மஞ்சளுக்கு இது பெரிய பகை, ஏனென்றால் சிறிது பச்சை ஏறினாலே அது வேறு நிறமாகிவிடுகிறது. என் முதல் வாடிக்கையாளருக்கு நடந்தது இதுதான்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை நிறுத்தினால் நிழல் மென்மையாகும். கைப்பேசியில் சேலையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் குவியமும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஒயிட் பேலன்ஸை நாமே அமைக்கும் வசதி இருந்தால், முதலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சரிசெய்துவிட்டு அதே அமைப்பிலேயே எல்லாப் படங்களையும் எடுங்கள். தானியங்கியில் விட்டால், மஞ்சள் சேலை திரையை நிறைத்ததும் கேமரா அதை அளவுக்கு மீறிய மஞ்சள் ஒளி என்று எண்ணி நீலத்தைச் சேர்க்கும். ஒவ்வொரு படத்திலும் மஞ்சள் ஒவ்வொரு விதமாக வரும்.

அரக்குக்கு வேறு சிக்கல். ஆழ்ந்த சிவப்பைக் கைப்பேசிகள் பளிச்சென்று காட்டிவிடும். சிவப்பு அளவு மீறியதும் இழை தெரியாமல் கரை முழுவதும் ஒரே பூச்சாக மாறும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரையில் நூல் தெரியவில்லையென்றால் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து மறுபடி எடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தோன்றும், பரவாயில்லை. நிறம் பொய் சொல்லாமல் இருப்பது பளிச்சென்று இருப்பதைவிட மேல்.

கட்டம் போட்ட சேலைகளுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. சிறு கட்டங்களும் மெல்லிய கோடுகளும், படம் சிறிதாகும்போது நீரலை போல நெளிந்து தெரியும். சேலையில் அப்படி எதுவும் இருக்காது. கேமராவின் புள்ளிகளும் துணியின் கோடுகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. எடுத்த படத்தைக் கைப்பேசியில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், ஏனென்றால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். அலை தெரிந்தால் ஓரடி முன்னே வாருங்கள், இல்லையெனில் கேமராவைச் சில பாகை சாய்த்து மறுபடி எடுங்கள். பெரும்பாலும் மறைந்துவிடும்.

எட்டுப் படங்களின் வரிசை இப்படி. முதல் படம் வெள்ளைப் பின்னணியில், மடித்த சேலை, உடலும் கரையும் முந்தியின் ஒரு பகுதியும் ஒருங்கே தெரியும்படி. பெரிய தளங்களில் முதல் படத்துக்குத் தூய வெள்ளைப் பின்னணி கட்டாயம். பொருள் படத்தின் 85 சதவீத இடத்தையாவது நிறைக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. பூச்சாடி, நகை, எழுத்து எதுவும் அதில் இருக்கக் கூடாது. இரண்டாவது, ஒருவர் உடுத்தி நிற்பது, தலை முதல் கால் வரை. கட்டம் உடலில் எவ்வளவு பெரிதாகத் தெரியும், கரை எந்த உயரத்தில் விழும் என்பது மடித்த படத்தில் விளங்காது. மூன்றாவது, முந்தி முழுவதையும் விரித்துத் தரையில் இட்டு மேலிருந்து எடுத்தது; நாற்காலி மேல் ஏறி எடுத்தால்தான் கோணம் நேராக வரும்.

நான்காவது படத்தில் கரையை ஓர் அளவுகோலோடு சேர்த்துக் காட்டுங்கள். ஐந்தாவது நெருக்கப் படம், இழை எண்ணக்கூடிய அளவுக்கு. ஆறாவதுதான் எனக்குப் பிடித்தது: ஒரு மடிப்புத் துணியை ஜன்னலுக்கு எதிரே பிடித்து, பின்னால் கையை வைத்து எடுப்பது. விரல்கள் எவ்வளவு தெரிகின்றன என்பதை வைத்து, உள்பாவாடை நிறம் வெளியே தெரியுமா என்று வாங்குபவரே முடிவு செய்துகொள்வார். இந்தப் படத்தைச் சேர்த்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு வருவதே இல்லை. ஏழாவது, ரவிக்கைத் துணி. எட்டாவது, பின்புறம்: ஒரு முனையை மடக்கி, முன்னும் பின்னும் ஒரே படத்தில். நூலுக்குச் சாயம் ஏற்றி நெய்த கட்டம் இரு பக்கமும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். அச்சடித்த கட்டம் பின்னால் வெளிறித் தெரியும்.

ஒன்றில் கவனமாக இருங்கள். இரு பக்கமும் ஒன்று போல் இருப்பதைக் கைத்தறிக்குச் சான்றாக எழுதக் கூடாது. விசைத்தறியிலும் சாயமேற்றிய நூலில் கட்டம் நெய்கிறார்கள். ஓரத்தில் உள்ள ஊசித் துளைகளும் அப்படித்தான். துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் முட்கள் இரண்டு தறிகளிலும் உண்டு. கைத்தறி என்பதற்கு நம்பகமான சான்று வேண்டுமென்றால், 2006 முதல் வழங்கப்படும் கைத்தறி முத்திரைச் சீட்டு இருந்தால் அதைப் படம் எடுங்கள். அதோடு தறியில் இந்தச் சேலையே பாதி நெய்த நிலையில் இருக்கும் படத்தையும் சேர்க்கலாம். வேறு சேலை இருக்கும் தறிப் படத்தைப் போடாதீர்கள்.

சேலையில் ஒரு முடிச்சோ தடித்த ஊடை இழையோ இருந்தால் அதை ஒன்பதாவது படமாக எடுத்துச் சேர்த்துவிடுங்கள். சொல்லி விற்ற முடிச்சுக்காக இதுவரை ஒரு சேலைகூட எனக்குத் திரும்பி வரவில்லை.

படத்தின் நீண்ட பக்கம் 1600 முதல் 2000 புள்ளிகள் வரை இருந்தால் பெரிதாக்கிப் பார்க்க வசதியாக இருக்கும். ஏற்றுவதற்கு முன், அதே ஜன்னல் ஓரத்தில் சேலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, படத்தை இரண்டு வெவ்வேறு கைப்பேசிகளில் பாருங்கள். ஒன்றில் மட்டும் வேறாகத் தெரிந்தால் அந்தத் திரையின் இயல்பு. இரண்டிலும் வேறாகத் தெரிந்தால் படம் தவறு.

தலைப்பு

தளங்கள் நீண்ட தலைப்பை ஏற்றுக்கொள்ளும், ஆனால் கைப்பேசித் தேடல் பட்டியலில் முதல் அறுபது எழுத்துகள் அளவே பெரும்பாலும் தெரியும். ஆகவே எதை முன்னால் வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. கைத்தறி, ஊர் மரபு, நூல், பொருள், வடிவம், நிறம் என்ற வரிசையை நான் பின்பற்றுகிறேன். கரை, ரவிக்கை போன்றவை பின்னால்.

```
Handloom Chettinad Cotton Saree, Kandangi Checks, Mustard with Maroon Temple Border, Blouse Piece Included
```

இதில் Mustard வரை 57 எழுத்துகள். திரை அங்கே வெட்டினாலும், வாங்குபவருக்கு வேண்டிய அடிப்படைச் செய்தி கிடைத்துவிடும். Beautiful, Best, Latest போன்ற சொற்களை யாரும் சேலை தேடத் தட்டச்சு செய்வதில்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும்.

விவரணை

விவரணையை முதலில் தமிழில் எழுதுங்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குச் சேலையை விரித்துக் காட்டும்போது என்ன சொல்வீர்களோ அந்த வரிசையில் எழுதிவிட்டு, தளம் கேட்கும் மொழியில் மாற்றிக்கொள்ளலாம். நேராக ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினால், எந்தச் சேலைக்கும் பொருந்தும் வரிகளே வந்து விழுகின்றன. என் முதல் விவரணை இது:

“அழகிய பாரம்பரிய கைத்தறிச் சேலை. மிக மென்மையான துணி. எல்லா விழாக்களுக்கும் ஏற்றது. உயர்ந்த தரம்.”

இதில் என் சேலையைப் பற்றிய செய்தி ஒன்றுகூட இல்லை. “மென்மை” என்பது தவறும்கூட. கஞ்சி போட்ட புதுக் கண்டாங்கி விறைப்பாகத்தான் இருக்கும். இதைப் பற்றி நெய்தவரிடம் சொன்னபோது அவர், “மூன்றாவது சலவை முடியட்டும் அம்மா, பிறகு தொட்டுப் பாருங்கள்” என்றார். அந்த வரியையே விவரணைக்குள் கொண்டுவந்தேன். இப்போது இருப்பது:

“கடுகு மஞ்சள் உடல், அதில் அரக்கு நிறத்தில் கட்டங்கள். இரு பக்கமும் நான்கு அங்குல அரக்குக் கரை, உள்விளிம்பில் கோபுர வரிசை. முந்தியில் அரக்குக் கோடுகள், ஜரிகை இல்லை. பாவும் ஊடையும் 60-ஆம் நம்பர் பருத்தி நூல். மெல்லிய பருத்தியைவிடச் சற்றுத் தடிமன். மடிப்பு நிற்கும், உள்பாவாடை தெரியாது. கஞ்சியோடு வருவதால் புதிதில் விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று சலவைக்குப் பிறகு இளகி உடலோடு படியும். சேலை 5.5 மீட்டர், அதோடு இணைந்த ரவிக்கைத் துணி 80 செ.மீ., அகலம் 47 அங்குலம், எடை 490 கிராம்.

முதல் சில சலவைகளில் அரக்குச் சாயம் சிறிது கசியும். குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள், ஊற வைக்காதீர்கள், நிழலில் உலர்த்துங்கள். பருத்தி என்பதால் முதல் சலவையில் சற்றுச் சுருங்கும்.

கையால் நெய்ததால் சில இடங்களில் இழை சற்றுத் தடித்திருக்கும். ஒன்பதாவது படத்தில் காணலாம். காலை ஜன்னல் ஒளியில் எடுத்த படங்கள் இவை. குழல் விளக்கின் கீழ் மஞ்சள் சற்று வெளிறித் தெரியும்.”

சாயம் கசியும் என்று எழுதினால் யார் வாங்குவார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். எழுதாவிட்டாலும் கசியத்தான் போகிறது; அப்போது வாங்கியவரின் வெள்ளை ரவிக்கையும் சேர்ந்து கெட்டிருக்கும். ஆனால் உங்கள் சேலை எவ்வளவு கசிகிறது என்பதை ஊகித்து எழுத வேண்டாம். ரவிக்கைத் துணியின் ஓரத்தில் ஈர வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் நன்றாக ஏறினால், சேலையை விற்பதற்கு முன் சாயமேற்றியவரிடம் பேச வேண்டும்; அது விவரணையால் தீர்க்கக்கூடிய குறை அல்ல.

பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக உள்ள சேலைகளுக்கு, அதாவது மயில்கழுத்து போல அசையும்போது நிறம் மாறுபவற்றுக்கு, “நீலம்” என்று மட்டும் எழுதினால் போதாது. “நீலப் பாவு, பச்சை ஊடை, நேரே பார்த்தால் நீலம், மடிப்பில் பச்சை” என்று எழுதி, இரண்டு கோணத்திலும் படம் வையுங்கள்.

தேடல் சொற்கள்

தேடல் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல்லைத் தட்டச்சு செய்தவர் என் சேலையைப் பார்த்தால், தேடியது இதுதான் என்று சொல்வாரா? silk என்று தேடியவர் சொல்ல மாட்டார். என்றாலும் படம் பிடித்துப்போய் வாங்கிவிடுவார். பிரித்துப் பார்த்ததும் திருப்பி அனுப்புவார். ஒரு சேலையில் உங்களுக்கு 300 ரூபாய் மிஞ்சுகிறது, திரும்பி வந்தால் இருவழி அனுப்புச் செலவும் புதுப் பொதியும் சேர்ந்து 160 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சேலை திரும்பினால் ஒரு சேலை விற்ற வரவு போய்விடுகிறது.

சொற்களைத் திரட்டுவதற்குச் செலவு எதுவும் தேவையில்லை. தளத்தின் தேடல் பெட்டியில் chettinad saree என்று தட்டி, இடைவெளி விட்டு a, b, c என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். மக்கள் தேடும் தொடர்கள் கீழே விழும். அவற்றில் உங்கள் சேலைக்கு உண்மையாகப் பொருந்துபவற்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர்கள் கேள்வியில் பயன்படுத்தும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். “அரக்கு” என்று நாம் சொல்வதை ஒருவர் maroon என்பார், இன்னொருவர் arakku என்றே தட்டுவார். பிறகு எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள்: saree, sari, podavai, pudavai, selai.

தேடல் சொற்களை எழுத, வாங்குபவருக்குத் தெரியாத பின்புலப் பெட்டி ஒன்று தளத்தில் இருக்கும். தலைப்பில் உள்ள சொல்லை அதில் மறுபடி எழுதத் தேவையில்லை. பின்புலப் பெட்டியின் இடம் சிறியது; சில தளங்களில் 200 பைட், சிலவற்றில் 250. இங்கே தமிழ் விற்பனையாளர்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. எண்ணுவது எழுத்தை அல்ல, பைட்டை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும்கூடத் தனித்தனியாக மூன்று பைட் எடுத்துக்கொள்கின்றன. kandangi என்பது 8 பைட். கண்டாங்கி என்பது 27 பைட். ஆகவே தமிழ் எழுத்தில் நிச்சயம் தேடப்படும் ஒன்றிரண்டு சொற்களை மட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றை ஆங்கில எழுத்தில் எழுதுவது நல்லது. என் சேலைக்கு வைத்தது:

```
karaikudi kandaangi sari podavai pudavai selai kattam checked yellow arakku office daily wear summer கண்டாங்கி சேலை
```

மொத்தம் 141 பைட். காற்புள்ளி வேண்டாம், இடைவெளி போதும். மீதி இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. அது பின்னால் பயன்படும்.

ஊர்ப் பெயர்களில் கண்டிப்பாக இருங்கள். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி, திருபுவனம் பட்டு ஆகியவற்றுக்கும் உண்டு. வேறு ஊரில் நெய்ததற்கு இந்தப் பெயர்களை வைப்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தேடலில் மேலே வருவதற்காகக் கண்டாங்கிக்குக் காஞ்சிபுரம் என்று சேர்ப்பது, உண்மையில் காஞ்சிபுரத்தில் நெய்கிறவரின் பிழைப்பில் கை வைப்பதும் ஆகும். உங்கள் சேலை அந்த ஊரிலேயே நெய்ததாக இருந்தாலும், குறியீட்டின் முத்திரையைப் போடுவதற்கு நெய்தவரோ சங்கமோ அதைப் பயன்படுத்தும் உரிமையாளராகப் பதிந்திருக்க வேண்டும். கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தேடல் சொல்லைவிட அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது பண்புப் பெட்டிகள்: துணி வகை, வடிவம், கரை வகை, நிறக் குடும்பம், ரவிக்கை உண்டா என்பவை. வாங்குபவர் தேடல் முடிவில் cotton, yellow என்று வடிகட்டும்போது, அந்தப் பெட்டி காலியாக இருந்தால் உங்கள் சேலை பட்டியலிலிருந்தே மறைந்துவிடலாம். எத்தனை நல்ல தலைப்பு வைத்தாலும் பயனில்லை. நிறப் பெயர் என்ற இடத்தில் Mustard என்றும், நிறக் குடும்பம் என்ற இடத்தில் Yellow என்றும் நிரப்புங்கள். விருப்பத் தேர்வு என்று போட்டிருக்கும் பெட்டிகளையும் விடாதீர்கள்.

சட்டம் கேட்கும் விவரங்கள்

இவை சுருக்கமானவை. தயாரித்தவர் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, எண்ணிக்கை, வரி உள்ளிட்ட அதிகபட்ச விலை ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும். 85 சதவீதத்துக்குக் குறையாத பருத்தியும் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்கு மேற்படாத எடையும் கொண்ட நெய்த துணி, வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் HSN எண்களில் 5208-இன் கீழ் வரும். முன்பு கணக்கிட்ட 65 கிராம் இங்கே பயன்படுகிறது. வேறு மாநிலங்களுக்குத் தளம் வழியாக விற்கப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை வரம்புக்குட்பட்ட சிறு விற்பனையாளர் தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், அந்தப் பதிவு இல்லாமல் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் சேர்க்கை எண் பெற்று விற்கலாம்.

ஏற்றிய பிறகு

இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் விடுங்கள். பிறகு, எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற மூன்று எண்களைப் பாருங்கள். யார் கண்ணிலுமே படவில்லையென்றால் தேடல் சொல்லோ பண்புப் பெட்டியோ தவறு. கண்ணில் பட்டும் திறக்கவில்லையென்றால் முதல் படம் அல்லது விலை. திறந்தும் வாங்கவில்லையென்றால் விவரணையில் ஏதோ பதில் இல்லை. அது என்ன என்று கேள்விப் பகுதியே சொல்லிவிடும். வாங்கித் திருப்புகிறார்கள் என்றால் நிறம் அல்லது தொடு உணர்வு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் முதலில் முதல் படத்தை மட்டும் மாற்றினேன், இரண்டு வாரம் பொறுத்தேன், பிறகுதான் தலைப்பைத் தொட்டேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எதனால் பலன் வந்தது என்று தெரிந்திருக்காது.

திருப்பி அனுப்புபவர்கள் எழுதும் காரணத்தை ஒரு நோட்டில் அவர்கள் சொல்லிலேயே எழுதி வையுங்கள். தளம் தரும் “நிறம் வேறு” என்ற பொதுக் காரணத்தைவிட, “படத்தைவிட இருட்டாக இருக்கிறது” என்று அவர் கைப்பட எழுதியது பயன்படும். ஒரே வகைச் சொல் இரண்டாவது முறை வந்தால் அந்தச் சேலையை மறுபடி ஜன்னலுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

அந்த மஞ்சள் சேலை புதிய பக்கத்தோடு நான்காவது முறை விற்றது, திரும்பவில்லை. அதே பாவில் இறங்கிய இன்னும் இரண்டு சேலைகளை அதே படங்களோடு விற்றேன். நான்காவது சேலையை ஜன்னலில் விரித்தபோது ஊடை சற்று ஆழ்ந்த மஞ்சளாக இருந்தது. நெய்தவரிடம் கேட்டதற்கு, நூல் தீர்ந்து புதிதாகச் சாயமேற்றியதாகச் சொன்னார். அதற்கு KD-08 என்று சீட்டு எழுதி, எட்டுப் படங்களையும் முதலிலிருந்து எடுத்தேன்.